ஊழியரா, ஒப்பந்தக்காரரா?

நமது குடாநாட்டில் வேலை தேடிச் செல்லும் இளைஞர் பலருக்கு இன்று நியமனக் கடிதம் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒப்பந்தம் என்னும் பெயரில் இரண்டு மூன்று பக்கங்கள் கொண்ட கடதாசி ஒன்று நீட்டப்படுகின்றது. அதிலே, ஒப்பமிடுபவர் இந்த நிறுவனத்தின் ஊழியர் அல்லர், சுயாதீன ஒப்பந்தக்காரர், ஆகவே ஊழியர் சேமலாப நிதியோ பணிக்கொடையோ பிற சலுகைகளோ அவருக்கு உரியன அல்ல என்று ஒரு வாசகம் இருக்கும். வேலை கிடைத்தால் போதும் என்ற நிலையில் நிற்பவர் அதனை வாசிப்பதில்லை. வாசித்தாலும் வாதிடுவதில்லை. ஒப்பமிட்டுவிட்டு மறுநாட் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகின்றார். ஐந்தாறு ஆண்டுகள் கழிந்து, வேலையும் போய், வெறுங்கையுடன் நிற்கும்போதுதான் அந்த வாசகத்தின் பொருள் அவருக்கு விளங்குகின்றது.

இந்த வாசகம் உண்மையில் என்ன செய்யவல்லது, என்ன செய்யவல்லதன்று என்பதை நம் மக்கள் அறிந்திருத்தல் வேண்டும். கூலி பெறுபவர் மட்டுமன்றி, கூலி கொடுக்கும் வர்த்தகரும், அவருக்குக் கடதாசி எழுதிக் கொடுக்கும் எம்போன்ற சட்டத்தொழிலாளரும் அறியவேண்டிய விடயம் இது.

முதலில் வேற்றுமையைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நம் விவசாயி ஒருவர் தம் வயலை உழுவிக்க உழவு இயந்திரக்காரரை அழைக்கின்றார். பரப்புக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்கின்றனர். இயந்திரம் அவருடையது, எரிபொருள் அவருடையது, சாரதியும் அவர் வைத்த ஆள். இன்று நம் வயலை உழுதவர் நாளை அயல் வயலை உழுவார். கலப்பை முறிந்தால் நட்டம் அவருக்கே. நாம் அவரிடம் கேட்பது உழுத நிலத்தை மட்டுமே. எவ்வாறு இயந்திரத்தை ஓட்டவேண்டும் என்று நாம் கட்டளையிடுவதில்லை. இவரே சுயாதீன ஒப்பந்தக்காரர். கிணறு வெட்டுவதற்கும் வீடு கட்டுவதற்கும் தம் ஆட்களையும் தளவாடங்களையும் கொண்டுவந்து, வேலையை மொத்தமாகப் பொறுப்பேற்று முடித்துத் தருபவரும் அத்தகையவரே. நோய்க்கு நாம் நாடிச் செல்லும் வைத்தியரும், வழக்குக்கு நாம் அமர்த்தும் வழக்கறிஞரும் நமக்கு ஊழியர் அல்லர்.

இதற்கு மாறாக, ஒரு கடையில் நாள்தோறும் குறித்த நேரத்துக்கு வந்து, முதலாளி காட்டிய இடத்தில் நின்று, அவர் சொன்ன வேலையைச் சொன்னவாறு செய்து, மாத முடிவில் சம்பளம் பெறுபவர் ஊழியர். அவர் விற்பது தம் வேலையின் விளைவையன்று, தம் நேரத்தையும் உழைப்பையுமே. கடைக்கு இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் அவருக்கு வருவது பேசிய சம்பளமே.

இவ்விரண்டு எல்லைகளிலும் ஐயம் எழுவதில்லை. ஐயமெல்லாம் இடைநிலத்தில்தான். சொந்த மோட்டார்ச் சைக்கிளில் ஒரே நிறுவனத்தின் பொருட்களைக் கொண்டு திரிபவர் யார்? உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் தையற்காரர் யார்? பருவத்துக்கு மட்டும் வந்து போகும் உப்பளத் தொழிலாளி யார்? பிழையான வகைப்படுத்தல் நிகழ்வது இந்த இடைநிலத்திலேயே.

இக்கேள்விக்கு விடை காண இந்திய உயர் நீதிமன்றம் 1956ஆம் ஆண்டு இறுதியில் தீர்த்த வழக்கொன்று இன்றும் நல்ல வழிகாட்டியாக நிற்கின்றது. தாரங்கதாரா இரசாயனத் தொழிற்சாலைக்கும் சௌராட்டிர அரசுக்கும் இடையே நடந்த வழக்கு அது. ஆனையிறவையும் செம்மணியையும் அறிந்த நம் வாசகருக்கு அதன் கதை அந்நியமாக இராது, ஏனெனில் அது உப்பளத்தைப் பற்றியது.

கச்சு ரண் உவர்நிலத்தில் அந்தக் கம்பனி உப்பளங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. அங்கு உப்பு விளைவிப்போருக்கு அகாரியாக்கள் என்று பெயர். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி அளவில் கம்பனி ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு நிலம் ஒதுக்கிக் கொடுக்கும். செலவுக்கென 400 ரூபா முற்பணமும் கொடுக்கும். அகாரியா தம் குடும்பத்தாருடன் அங்கு சென்று, கிணறு தோண்டி, உவர்நீர் இறைத்து, பாத்தி அமைத்து, உப்பு விளைவிப்பார். யூன் மாதத்தோடு பருவம் முடியும். தரமான உப்புக்கு மணங்கு ஒன்றுக்கு 5 அணா 6 பை வீதம் கணக்குப் பார்த்துப் பணம் கொடுக்கப்படும். தரம் குறைந்த உப்பைக் கம்பனி தள்ளிவிடும். பின்னர் அகாரியா ஊருக்குத் திரும்பிப் பயிர்த்தொழில் செய்வார்.

இவர்கள் எம் தொழிலாளர் அல்லர் என்று கம்பனி வாதாடியது. அதன் வாதம் இலேசானதன்று. இவர்களுக்கு வேலை நேரம் இல்லை, வரவுப் பதிவேடு இல்லை, விடுமுறை விதி இல்லை. விரும்பினால் தம் செலவில் வேறு ஆட்களையும் வைத்துக்கொள்ளலாம். கூலி நாளுக்கன்று, விளைந்த உப்புக்கு. இப்படிப்பட்டவர் எப்படித் தொழிலாளியாவார் என்று கம்பனி கேட்டது.

நீதிமன்றம் அந்த அடையாளங்களுக்குப் பின்னால் நோக்கியது. உப்பு விளைவிக்கும் வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும், தொடக்கம் முதல் இறுதிவரை, கம்பனியின் உத்தியோகத்தர் மேற்பார்வை செய்தனர். இன்ன வேலையைச் செய் என்று சொல்வதோடு நில்லாது, அதை இன்னவாறு செய் என்று சொல்லும் உரிமையும் கம்பனியிடம் இருந்தது. மேற்பார்வையின் அளவு தொழிலுக்குத் தொழில் வேறுபடும். உப்பளத்தில் மணிக்கணக்குப் பார்த்து நிற்கவேண்டிய தேவை இல்லை என்பதனால் அங்கு மேற்பார்வையே இல்லை என்று ஆகிவிடாது. மேலும், அகாரியா தாமே பாத்தியில் இறங்கி உழைத்தார். தாமே உழைக்க உடன்படுபவருக்கும், பிறரைக் கொண்டு வேலையை முடித்துத் தர உடன்படுபவருக்கும் உள்ள வேற்றுமையே அடிப்படையானது என்றும், தாமே உழைப்பவர் துணைக்கு ஆள் வைத்துக்கொண்டதனால் தொழிலாளி என்ற நிலையை இழந்துவிடுவதில்லை என்றும் நீதிமன்றம் கூறிற்று. அகாரியாக்கள் தொழிலாளரே என்று தீர்ப்பாயிற்று.

இவ்வழக்கை நாம் விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. உருப்படிக் கூலி, நேரக் கட்டுப்பாடின்மை, பருவகால வேலை, துணையாள் வைக்கும் உரிமை ஆகிய நான்கும் ஒப்பந்தக்காரரின் இலக்கணங்கள் என்று நம்மிடையே பலர் எண்ணுகின்றனர். அந்நான்கும் ஒருங்கே இருந்தும் ஒருவர் தொழிலாளியாக இருக்கக்கூடும் என்பதை உப்புப் பாத்தி காட்டிற்று.

ஆயினும் வழக்கின் எல்லையையும் உணரவேண்டும். நம் புகையிலை விவசாயி ஒருவர் ஒரு வியாபாரியுடன் முன்கூட்டியே விலை பேசிப் பயிரிடுகின்றார் என்று கொள்வோம். வியாபாரியும் தரம் பார்த்தே கொள்கின்றார், தரம் குறைந்ததைத் தள்ளுகின்றார். ஆனால் இங்கு நிலம் விவசாயியுடையது, கிணறும் அவருடையது. என்று நடுவது, எவ்வளவு இறைப்பது, எவரைக் கூலிக்கு வைப்பது என்பனவெல்லாம் அவருடைய தீர்மானம். மழை கெடுத்தால் நட்டம் அவருடையது. இவர் எவருக்கும் ஊழியர் அல்லர். விளைந்த பொருளின் தரத்தைச் சோதிப்பது எந்தக் கொள்வனவாளரும் செய்யும் காரியம். விளைவிக்கும் முறையை ஆள்வதே முதலாளியின் காரியம்.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் வேலையாளுக்கு வகுத்துள்ள வரைவிலக்கணம் மிக விரிந்தது. ஒப்பந்தம் வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ, வாய்மொழியாகவோ எழுத்திலோ இருக்கலாம். பணிபுரியும் ஒப்பந்தமாகவோ தொழில் பயிலும் ஒப்பந்தமாகவோ இருக்கலாம். இவற்றோடு, ஏதேனும் வேலையையோ உழைப்பையோ தாமே நேரிற் செய்து முடிப்பதற்கான ஒப்பந்தமாகவும் இருக்கலாம் என்று அவ்வரைவிலக்கணம் கூறுகின்றது. நியமனக் கடிதம் இல்லாதவன் ஊழியன் அல்லன் என்று நம்மிடையே வழங்கும் நம்பிக்கைக்கு இச்சட்டத்தில் இடமே இல்லை.

அந்த மூன்றாம் பகுதி ஆழ்ந்து நோக்கத்தக்கது. தாமே நேரிற் செய்தல் என்பதே அதன் உயிர். பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஊபர் வாடகைக் கார்ச் சாரதிகளின் வழக்கில் அளித்த தீர்ப்பும் இதனை ஒத்த சொற்றொடர் ஒன்றின் மீதே எழுந்தது. அச்சாரதிகள் ஒப்பமிட்ட ஒப்பந்தத்திலும் அவர்கள் சுயாதீனமாகத் தொழில் நடத்துவோர் என்றே எழுதப்பட்டிருந்தது. கட்டணத்தை யார் நிர்ணயிக்கின்றார், மறுத்தால் என்ன தண்டனை, பயணியோடு சாரதி தனித்து உறவு கொள்ள முடியுமா என்று நீதிமன்றம் வினவிற்று. யாவும் கம்பனியின் கையில் இருப்பதைக் கண்டு, எழுதிய சொல்லை ஒதுக்கி, நடந்த உண்மையைக் கொண்டு தீர்த்தது. சட்டம் பாதுகாப்பதற்கென்று வந்த ஒருவரை, பலம் மிக்க தரப்பு எழுதிக்கொண்ட கடதாசியைக் கொண்டே சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட இடந்தரலாகாது என்பதே அதன் சாரம்.

இதனால் நம் நாட்டில் வேற்றுமையே அழிந்துவிட்டது என்று எவரும் எண்ணிவிடலாகாது. உண்மையான ஒப்பந்தக்காரர் இன்றும் இச்சட்டங்களுக்கு வெளியேதான் நிற்கின்றார். தொழில் நியாய சபைக்கு ஒருவர் சென்றதும் எதிர்த்தரப்பு முதலிற் கிளப்பும் ஆட்சேபம் பெரும்பாலும் இதுவே. ஆட்சேபம் எழுந்தவுடன், தாம் ஊழியரே என்று நிலைநாட்டும் பாரம் தொழிலாளியின் தோளில் ஏறுகின்றது.

இதை ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். யாழ்ப்பாண நகரில் இருபது பேரைக் கொண்டு நடக்கும் ஒரு பண்ட விநியோக நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் ஓர் இளைஞர் தம் சொந்த மோட்டார்ச் சைக்கிளில் பொதிகளைக் கொண்டுசென்று கொடுக்கின்றார். ஒப்பந்தத்தில் அவர் சுயாதீன ஒப்பந்தக்காரர். காலை எட்டு மணிக்குக் களஞ்சியத்துக்கு வரவேண்டும். எந்தப் பாதையில் எந்த ஊருக்கு என்பதை நிறுவனம் குறித்துக் கொடுக்கும். நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையை அணியவேண்டும். தமக்குப் பதிலாகத் தம்பியை அனுப்ப முடியாது. வராத நாளுக்குப் பணம் கழிக்கப்படும். வேறு நிறுவனத்தின் பொதியை எடுக்கக் கூடாது. மாதம் 40,000 ரூபா. ஆறு ஆண்டுகள் இவ்வாறு உழைக்கின்றார்.

அவருடைய பக்கத்தில் ஒப்பந்தக்காரருக்கு உரிய அடையாளம் எது? வாகனம் ஒன்றுதான். அதுவும் அற்பமான அடையாளமன்று. 1967ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கலவைச் சீமெந்து ஏற்றிய பார ஊர்திச் சாரதி ஒருவர், ஊர்தி தமதாகவும் பராமரிப்பும் செலவும் தம் பொறுப்பாகவும் இருந்ததனால், ஒப்பந்தக்காரரே என்று தீர்க்கப்பட்டார். ஆனால் அவருக்கு, வேண்டியபோது வேறு சாரதியை அமர்த்தும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தது. இலாபமும் நட்டமும் அவருடைய சாமர்த்தியத்தைப் பொறுத்திருந்தன. நம் இளைஞருக்கு அவ்விரண்டும் இல்லை. நேரம், பாதை, உடை, தண்டம், தாமே வரவேண்டிய கட்டாயம், பிறருக்கு உழைக்கத் தடை ஆகிய அனைத்தும் ஒரு பக்கத்தில் நிற்க, வாகனம் ஒன்று மறுபக்கத்தில் நிற்கின்றது. தராசு எப்பக்கம் தாழும் என்பதை வாசகரே கூறலாம். எந்த ஓர் அடையாளமும் தனித்து நின்று வழக்கை முடித்துவிடாது. எல்லாவற்றையும் ஒருங்கே நிறுத்தே நீதிமன்றம் முடிவு காணும்.

அவர் இழந்தது எவ்வளவு என்பதை இனிக் கணக்கிடுவோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி இன்று முதலாளி நூற்றுக்கு 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்தவேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிச் சட்டத்தின்படி முதலாளி மேலும் 3 வீதம் செலுத்தவேண்டும். 40,000 ரூபாவுக்கு முதலாளியின் பங்கு முறையே 4,800 ரூபாவும் 1,200 ரூபாவுமாக, மாதம் 6,000 ரூபா. ஆறு ஆண்டுக்கு, அதாவது 72 மாதத்துக்கு, 432,000 ரூபா. வட்டியை நாம் சேர்க்கவில்லை. பதினைந்து பேருக்குக் குறையாத வேலையாளரைக் கொண்ட இடத்தில் ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் தருகின்றது. 20,000 ரூபா வீதம் ஆறு ஆண்டுக்கு 120,000 ரூபா. இரண்டும் சேர்ந்து 552,000 ரூபா. ஒப்பந்தக்காரர் என்ற ஒரு சொல்லின் விலை ஓர் இளைஞரிடத்தில் மட்டும் ஐந்தரை இலட்சத்துக்கு மேல்.

பணம் மட்டுமே இழப்பன்று. வேலையில் விழுந்து காலை முறித்துக்கொண்டால் 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் ஊழியருக்குத் துணை நிற்கும். ஒப்பந்தக்காரர் தம் வைத்தியச் செலவைத் தாமே பார்த்துக்கொள்ளவேண்டும். வேலையில்லை, நாளை வராதே என்று ஒப்பந்தக்காரரிடம் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஊழியரிடம் அவ்வாறு சொல்ல முடியாது. பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில், முந்திய பன்னிரண்டு மாதத்துள் 180 நாட்கள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணமன்றி நிறுத்துவதாயின் அவருடைய எழுத்துமூலச் சம்மதமாவது தொழில் ஆணையாளரின் முன் அனுமதியாவது வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. பெண் ஊழியரின் பிரசவ விடுமுறையும் இவ்வாறே ஊழியர் என்ற அந்த ஒரு நிலையைப் பற்றியே நிற்கின்றது. ஒவ்வொரு பாதுகாப்பையும் தனித்தனியே பறிக்கவேண்டியதில்லை. வாயிலில் நிற்கும் பெயரை மாற்றிவிட்டால் அத்தனையும் ஒருங்கே போய்விடுகின்றன. பிழையான வகைப்படுத்தலின் ஆபத்து இதுவே.

இனி முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. இது சிக்கனம் என்று நினைத்துச் செய்யும் பலர் உண்மையில் கடனைச் சேர்த்துக்கொண்டே போகின்றனர். சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியரை மட்டும் காப்பதன்று. தற்காலிக வேலையாளும், உருப்படிக் கூலியாளும், தரகு அடிப்படையில் வேலை செய்பவரும் முதல் நாளிலிருந்தே அதற்குள் வருவர். ஆறு ஆண்டுக்குப் பின் நிலுவை அறவிடப்படும்போது, காலத்தில் கழிக்கத் தவறிய ஊழியரின் 8 வீதத்தையும் முதலாளியே சேர்த்துக் கட்ட நேரும். நம் உதாரணத்தில் மாதம் 8,000 ரூபாவாக 576,000 ரூபா. அதன்மேல் தாமதத்துக்கான மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, ஓராண்டைக் கடந்த நிலுவைக்கு 50 வீதம்வரை ஏறும். கட்டாவிடின் ஆணையாளரின் சான்றிதழ் நீதவான் நீதிமன்றத்துக்குச் செல்லும். அங்கே அது தண்டப்பணம் போல அறவிடப்படும். மாதம் 6,000 ரூபாவை மிச்சம் பிடித்தவர் இறுதியில் இவ்வளவையும் ஒருங்கே கட்டுவது என்ன சிக்கனம்?

இடையில் ஓர் ஆட்பல முகவரை நிறுத்திக்கொண்டால் தப்பிவிடலாம் என்று எண்ணுவோரும் உளர். சென்னை இராச்சியத்தில் பீடிக் கம்பனிகள் ஒருகாலத்தில் இவ்வழியைக் கைக்கொண்டன. இலையையும் புகையிலையையும் கம்பனி முகவரிடம் கொடுக்கும். முகவர் பீடி சுற்றுவோரை வைத்துச் சுற்றுவித்துத் திருப்பிக் கொடுப்பார். தொழிலாளர் கேட்டால், நீங்கள் முகவரின் ஆட்கள் என்று கம்பனி சொல்லும். திவான் முகைதீன் சாகிபு கம்பனியின் வழக்கில் இந்திய உயர் நீதிமன்றம் 1964ஆம் ஆண்டு இத்திரையை விலக்கிற்று. அந்த முகவர்கள் தனித்தொழில் நடத்துவோர் அல்லர், கம்பனியின் கையாட்களே, பீடி சுற்றுவோர் கம்பனியின் தொழிலாளரே என்று தீர்த்தது. முகவருக்கு உண்மையான முதலும் சுதந்திரமும் உண்டா என்பதே அங்கும் கேள்வி.

தொழிலாளர் செய்யவேண்டியது என்ன? ஒப்பமிடமாட்டேன் என்று மறுக்கும்படி நாம் கூறவில்லை. பசித்தவனுக்கு அது சாத்தியமான அறிவுரையன்று. ஒப்பமிட்டதோடு உரிமை போய்விட்டது என்று நினைக்காதிருத்தலே முதற் காரியம். ஒப்பந்தத்தின் பிரதியொன்றைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். வேலை நேரத்தையும் பாதையையும் குறித்து வரும் கைபேசிச் செய்திகளை அழிக்காது வைத்திருத்தல் வேண்டும். சம்பளம் வந்த வங்கிக் கணக்குப் பத்திரம், பெயர் பொறித்த அடையாள அட்டை, விடுமுறை கேட்டதற்கும் மறுத்ததற்குமான சான்று, தண்டம் கழித்ததற்கான துண்டு ஆகியவை யாவும் பின்னொரு நாள் வாய்திறந்து பேசும். தொழில் நியாய சபை சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டதன்று. நீதியும் ஒப்புரவும் நோக்கியே அது கட்டளையிடும். ஆதலின் இத்தகைய சிறு தாள்களுக்கும் அங்கு மதிப்பு உண்டு.

காலத்தைத் தவறவிடலாகாது. வேலையை முடிவுறுத்தியமைக்கு எதிராகத் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிப்பதற்கு உள்ள காலம் ஆறு மாதம் மட்டுமே. முன்னர் ஓராண்டாக இருந்த காலத்தை 2003ஆம் ஆண்டின் திருத்தம் பாதியாகக் குறைத்துவிட்டது. முதலாளி திரும்ப அழைப்பார், அழைப்பார் என்று காத்திருந்து ஏழாம் மாதத்தில் எம்மிடம் வருவோரை வெறுங்கையுடன் அனுப்பவேண்டி நேர்வது எமக்குப் பழகிப்போன துயரம். சேமலாப நிதி நிலுவைக்கு வழி வேறு. அதற்குத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்தல் வேண்டும். வேலையில் இருக்கும்போதே அதைச் செய்யலாம்.

உண்மையில் சுயாதீனமாகத் தொழில் செய்வோரும் தம் நிலையை உணரவேண்டும். அவருக்காக எவரும் எதையும் சேமிப்பதில்லை. ஆதலின் அவர் கேட்கும் கட்டணத்திலே முதுமைக்கும் விபத்துக்குமான பங்கும் அடங்கியிருத்தல் வேண்டும். ஊழியரின் சம்பள அளவிலே ஒப்பந்தக்காரரின் ஆபத்தையும் ஏற்பவர் இரு பக்கத்திலும் நட்டப்படுகின்றார். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் சுயதொழில் செய்வோரும் சேர்ந்துகொள்ளலாம். விவசாயிகளுக்கென 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஓய்வூதியத் திட்டமொன்றும் உண்டு.

இறுதியாக, அரசிடம் நாம் கேட்பது ஒன்றே. ஊழியர் என்பதை நிலைநாட்டும் பாரம் இன்று பலவீனரின் தோளில் இருக்கின்றது. பதிவேடுகள் முதலாளியிடம், சாட்சிகளும் அவரிடமே வேலை செய்வோர். ஆனால் நிரூபிக்கவேண்டியவரோ வேலை இழந்து வீதியில் நிற்பவர். இது தலைகீழான ஏற்பாடு. சர்வதேசத் தொழில் தாபனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட 198ஆம் இலக்கச் சிபார்சு, உரிய அடையாளங்கள் ஒன்றிரண்டு காணப்படும் இடத்தில் ஊழிய உறவு உண்டென்று சட்டமே ஊகித்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டியிருக்கின்றது. கலிபோர்னிய உயர் நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு அங்குள்ள சம்பளச் சட்ட விதிகளைப் பொறுத்தவரை பாரத்தை வேலை கொடுப்பவர் மீதே ஏற்றிற்று. வேலை செய்பவர் தம் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ளவர், தம் வழக்கமான தொழிலுக்கு அப்பாற்பட்ட வேலையைச் செய்பவர், தமக்கென நிலைபெற்ற தனித்தொழில் உடையவர் என்ற மூன்றையும் வேலை கொடுப்பவரே நிரூபிக்கவேண்டும் என்றது.

நம் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்திலும் சேமலாப நிதிச் சட்டத்திலும் இத்தகைய ஊகம் ஒன்று சேர்க்கப்படவேண்டும். ஒருவர் தாமே நேரில் வந்து கூலிக்கு உழைத்தார் என்று காட்டினால் போதும், அவர் ஊழியர் அல்லர் என்று நிரூபிப்பது மறுதரப்பின் பொறுப்பு என்று சட்டம் சொல்லட்டும். உண்மையான ஒப்பந்தக்காரரை அமர்த்தும் நேர்மையான வர்த்தகருக்கு இதனால் ஒரு சதமும் நட்டமில்லை. அவரிடம் அதற்கான சான்று எப்போதும் இருக்கும். நட்டப்படுபவர் கடதாசியில் ஒன்றும் களஞ்சியத்தில் ஒன்றுமாக நடத்துபவர் மட்டுமே. வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள், எக்கட்சியினராயினும், இத்திருத்தத்தைத் தனிநபர் பிரேரணையாகவேனும் சபை முன் கொண்டுவருதல் வேண்டும்.